கேப் அப் நாளில் ஏடிஎக்ஸ் 25-ஐத் தாண்டினால் அது டிரெண்டா?

கேள்வி: சார், நிஃப்டி 15 நிமிஷ சார்ட்ல ஏடிஎக்ஸ் 25-க்கு மேலன்னா டிரெண்ட், 20-க்குக் கீழன்னா சைடுவேஸ்னு வெச்சுத்தான் ஸ்டிராட்டஜி எடுக்கறேன். ஆனா கேப் அப் ஆன நாள்ல பத்தரை மணிக்கு 25-ஐத் தாண்டுதுன்னு வாங்கினா, மார்க்கெட் அப்படியே படுத்துக்குது. சாயங்காலம் வரைக்கும் ஏடிஎக்ஸ் மட்டும் மேலேயே இருக்கு. நான் எங்க தப்பு பண்றேன்?

பதில்:

நீங்கள் பத்தரை மணிக்குப் பார்க்கிற 25 அன்றைய டிரெண்டால் வந்தது அல்ல. 9:15 கேண்டில் ஒன்றே போட்ட எண் அது. மார்க்கெட் அதன் பிறகு ஒரு பக்கமும் நகராமல் நின்றாலும் ஏடிஎக்ஸ் பத்தரைக்கு 25-ஐத் தாண்டும், பன்னிரண்டரை வரை ஏறும், மாலை வரை 25-க்குக் கீழே இறங்காது. கணக்கின் அமைப்பே அப்படி. அதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், எந்த நேரத்தில் இந்த எண்ணை நம்பலாம், எப்போது கூடாது என்பது தெளிவாகிவிடும்.

ஏடிஎக்ஸ் எதை எண்ணுகிறது என்பதிலிருந்து வருவோம். ஒவ்வொரு கேண்டிலையும் முந்தைய கேண்டிலோடு ஒப்பிடுகிறது. புதிய உச்சம் பழைய உச்சத்தைவிட எவ்வளவு மேலே போயிற்று, புதிய அடி பழைய அடியைவிட எவ்வளவு கீழே போயிற்று என்று இரண்டையும் அளந்து, எது பெரியதோ அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மேல்பக்கம் பெரிதென்றால் அது பிளஸ் டிஎம். மைனஸ் டிஎம் பூஜ்யம். கீழ்ப்பக்கம் பெரிதென்றால் நேர்மாறு. கேண்டில் முந்தையதற்குள்ளேயே அடங்கிவிட்டால் இரண்டும் பூஜ்யம். இந்த இரண்டுக்கும் 14 கேண்டில் சராசரி எடுத்து, சராசரி ட்ரூ ரேஞ்சால், அதாவது ஒரு கேண்டிலின் ஆட்டத்தின் சராசரி அளவால், வகுத்தால் பிளஸ் டிஐ, மைனஸ் டிஐ. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்து நூறால் பெருக்கினால் டிஎக்ஸ். அந்த டிஎக்ஸை மறுபடியும் 14 கேண்டிலுக்குச் சராசரி செய்ததுதான் நீங்கள் பார்க்கும் ஏடிஎக்ஸ்.

பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. பிளஸ் டிஐ, மைனஸ் டிஐ இரண்டையும் வகுப்பது ஒரே ட்ரூ ரேஞ்ச். எனவே டிஎக்ஸ் போடும்போது அது மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
DX  = 100 * |P - M| / (P + M)
ADX = (முந்தைய ADX * 13 + DX) / 14
```

P என்பது பிளஸ் டிஎம்மின் சராசரி, M மைனஸ் டிஎம்மின் சராசரி. ஆக, மார்க்கெட் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பது ஏடிஎக்ஸில் இல்லவே இல்லை. நகர்வில் எத்தனை பங்கு ஒரே பக்கம் போகிறது என்பது மட்டும்தான் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஓஎம்ஆரில் வண்டிகள் சிறுசேரி பக்கமாக ஊர்ந்துகொண்டிருக்கும். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் கூட இருக்காது, ஆனால் கூட்டம் ஒரே திசை. ஏடிஎக்ஸ் அந்தத் திசையைப் பார்க்கிறது, ஸ்பீடாமீட்டரை அல்ல. இது ஸ்டிராட்டஜி தேர்வில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும், பின்னால் வருகிறேன்.

இப்போது உங்கள் கேப் அப் நாள். எளிமைக்காக முழு எண்களாக வைத்துக்கொள்வோம். முந்தைய நாள் முழுவதும் சைடுவேஸ். P-யும் 6, M-மும் 6, ஏடிஎக்ஸ் 15. மூன்றரை மணிக்கு முடிந்த கடைசிக் கேண்டிலின் உச்சம் 24,500, அடி 24,470. மறுநாள் முதல் கேண்டில் 24,620-க்கும் 24,680-க்கும் நடுவில் நிற்கிறது.

அந்தக் கேண்டிலின் பிளஸ் டிஎம் 24,680-இலிருந்து 24,500-ஐக் கழித்தால் வருவது, அதாவது 180. மற்றக் கேண்டில்கள் சராசரியாக ஆறு ஆறாகச் சேர்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரே அடியாக 180. P இப்போது (6 × 13 + 180) / 14 = 18.4. M 5.6-க்கு இறங்குகிறது. டிஎக்ஸ் பூஜ்யத்திலிருந்து 53.6-க்குத் தாவிவிட்டது. ஏடிஎக்ஸ் மட்டும் நிதானமாக 15-இலிருந்து 17.8-க்கு வருகிறது, ஏனென்றால் அது புதிய டிஎக்ஸில் பதினான்கில் ஒரு பங்கைத்தான் ஏற்றுக்கொள்ளும்.

இதற்குப் பிறகு மார்க்கெட் முழுச் சைடுவேஸ் என்று வையுங்கள். பழையபடி இரண்டு பக்கமும் சராசரியாக 6. ஆனால் அந்த 180 சராசரிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு கேண்டிலுக்கும் பதினான்கில் ஒரு பங்குதான் கரையும். பாதியாவதற்கே ஒன்பது பத்து கேண்டில் வேண்டும், 15 நிமிடச் சார்ட்டில் அது இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல். அதுவரை டிஎக்ஸ் நாற்பதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும், ஏடிஎக்ஸ் அதை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும். கணக்கைத் தொடர்ந்து போட்டால், 10:30-க்கு முடியும் கேண்டிலில் ஏடிஎக்ஸ் 25.6. பகல் 12:30-க்கு 30.6, அதுதான் உச்சம். பிறகு மெல்ல இறங்கி, 3:15-க்கு 25.6, கடைசிக் கேண்டிலில்தான் 25-க்குக் கீழே வருகிறது. நீங்கள் சொன்ன பத்தரை மணியும், மாலை வரை இறங்காததும் இதுதான். உண்மைச் சார்ட்டில் எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும், வடிவம் இதேதான்.

கேப் டவுன் நாளில் இதே கதை மைனஸ் டிஎம் பக்கம் நடக்கும்.

ஜே. வெல்ஸ் வைல்டர் 1978-இல் இந்த அளவையைக் கமாடிட்டி ஃபியூச்சர்ஸுக்காக, தினசரிச் சார்ட்டை மனதில் வைத்து வெளியிட்டார். தினசரிச் சார்ட்டில் கேப் என்பது ஒரு நாளின் நகர்வில் ஒரு பகுதி, அதைச் சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது. 15 நிமிடச் சார்ட்டில் கதை வேறு. மாலை மூன்றரையிலிருந்து மறுநாள் காலை ஒன்பதேகால் வரை நடந்த பதினேழே முக்கால் மணி நேரச் சங்கதியை, பதினைந்து நிமிடக் கேண்டில் ஒன்றின் தலையில் கட்டுகிறோம். இண்ட்ராடேயில் 25 என்ற எல்லையை அப்படியே எடுத்துக்கொள்வதைவிடப் பெரிய பிழை இதுதான் என்பேன்.

சரிசெய்வது எளிது. நாளின் முதல் கேண்டிலுக்கு மட்டும் பிளஸ் டிஎம், மைனஸ் டிஎம் இரண்டையும் பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். இரண்டும் பூஜ்யமானால் P-யும் M-மும் ஒரே விகிதத்தில் குறையும். டிஎக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். கேப் கணக்கில் நுழையவே நுழையாது. ட்ரூ ரேஞ்ச் அடிபட்டுப் போவதால் அதைத் தொடவும் வேண்டாம். டிரேடிங்வியூவின் பைன் எடிட்டரில் இவ்வளவு போதும்:

```
//@version=5
indicator("ADX no gap")
n   = 14
nd  = timeframe.change("D")
up  = nd ? 0.0 : high - high[1]
dn  = nd ? 0.0 : low[1] - low
pdm = up > dn and up > 0 ? up : 0.0
mdm = dn > up and dn > 0 ? dn : 0.0
p   = ta.rma(pdm, n)
m   = ta.rma(mdm, n)
s   = p + m
dx  = 100 * math.abs(p - m) / (s == 0 ? 1 : s)
plot(ta.rma(dx, n), "ADX")
plot(p - m, "P-M", display = display.data_window)
```

`ta.rma` என்பதுதான் வைல்டரின் சராசரி முறை. அந்த இடத்தில் `ta.ema` போட்டால் அதே 14-க்கு எண் ஏறக்குறைய இரட்டை வேகத்தில் ஆடும். வைல்டரின் 14 என்பது எக்ஸ்போனென்ஷியல் கணக்கில் 27-க்குச் சமம். இரண்டு ஆப்பில் இரண்டு விதமாக ஏடிஎக்ஸ் தெரிகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். இரண்டாவது காரணம் பழைய டேட்டா போதாதது. எண் நிலைகொள்ளச் சுமார் 150 கேண்டில் வேண்டும். என்எஸ்இயில் ஒரு நாளைக்கு 15 நிமிடக் கேண்டில் 25 என்பதால், ஆறு நாள் டேட்டா.

கேப்பை எடுத்த பிறகு மேலே சொன்ன பொய் டிரெண்ட் மறைந்துவிடும். அந்த நாளில் ஏடிஎக்ஸ் 15-ஐத் தாண்டவே தாண்டாது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. கேப் அப் ஆன பிறகு நிஜமாகவே மார்க்கெட் ஏறுகிறது என்று வையுங்கள்: ஒவ்வொரு கேண்டிலும் சராசரியாகப் பிளஸ் டிஎம் 12, மைனஸ் டிஎம் 2. நல்ல சுத்தமான டிரெண்ட். கேப் நீக்கிய ஏடிஎக்ஸ் 25-ஐத் தாண்டுவது எப்போது தெரியுமா? பதினான்காவது கேண்டிலில், பகல் 12:45-க்கு. பாதி நாள் போயிற்று. இரண்டு அடுக்குச் சராசரி என்றால் தாமதம் இரண்டு அடுக்கு.

அதனால்தான் இண்ட்ராடேயில் அளவைவிட ஏறுமுகம் முக்கியம். அதே நாளில் ஏடிஎக்ஸ் முதலில் 13.3 வரை இறங்கி, நான்காவது கேண்டிலில் திரும்புகிறது. தொடர்ந்து மூன்று கேண்டில் ஏறியது என்பது 10:45-க்குத் தெரிந்துவிடும். எண் அப்போது வெறும் 15-தான். 'தொடர்ந்து மூன்று ஏற்றம், கூடவே P பெரிது' என்பதை டிரெண்டின் முதல் அறிகுறியாக எடுத்தால் இரண்டு மணி நேரம் முந்துகிறோம். பொய் அறிகுறிகளும் கூடும், அதைத் தாங்குவதற்கு முதல் நுழைவைப் பாதி அளவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த விதி கேப் நீக்கிய ஏடிஎக்ஸுக்கு மட்டும்தான். சாதாரண ஏடிஎக்ஸில் போட்டால் கேப் நாளெல்லாம் காலை பத்துக்கே மூன்று ஏற்றம் காட்டிவிடும்.

5 நிமிடச் சார்ட்டுக்குப் போனால் அதே பதினான்காவது கேண்டில் 10:25-க்கே வரும். சத்தமும் அதிகம். 15 நிமிடமும் ஏறுமுகமும் சேர்ந்தது, 5 நிமிடத்தின் 25-ஐவிட நிதானமானது என்பது என் கருத்து.

டிரெண்ட் முடிவதையும் இந்த எண் தாமதமாகத்தான் சொல்லும், அதுவும் தொடக்கத்தைவிட மோசமாக. ஏடிஎக்ஸ் 45-இல் இருக்கும்போது டிரெண்ட் செத்து, டிஎக்ஸ் உடனே 10-க்கு விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎக்ஸ் 25-க்குக் கீழே வர இன்னும் பன்னிரண்டு கேண்டில் ஆகும். தினசரிச் சார்ட்டில் அது இரண்டு வாரத்துக்கு மேல். அந்த இரண்டு வாரமும் 'ஏடிஎக்ஸ் 25-க்கு மேலே, டிரெண்ட் இருக்கிறது' என்று வாங்கிக்கொண்டே இருப்பவர், முடிந்த கல்யாணத்துக்குப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர். 40-க்கு மேல் போய்த் தலை கவிழ்ந்த ஏடிஎக்ஸில் புது நுழைவு வேண்டாம். கையில் இருப்பதற்கு ஸ்டாப் லாஸை நெருக்கி வையுங்கள்.

இறங்கும் ஏடிஎக்ஸ் என்றால் சைடுவேஸ் என்றும் உடனே முடிவுகட்ட முடியாது. ஏற்றம் சட்டென்று இறக்கமாகத் திரும்பும்போது P குறைந்து M கூடி, நடுவழியில் இரண்டும் சமமாகும். அந்த இடத்தில் டிஎக்ஸ் பூஜ்யத்தைத் தொடும், ஏடிஎக்ஸ் வேகமாக விழும். விலையோ செங்குத்தாக இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் 'டிரெண்ட் போய்விட்டது, சைடுவேஸ் ஸ்டிராட்டஜி எடுக்கலாம்' என்று அடியில் வாங்கப் போனால் கத்தி கையில் விழும். அடையாளம் சுலபம்: உண்மைச் சைடுவேஸில் P-யும் M-மும் ஒன்றையொன்று அடிக்கடி வெட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். திருப்பத்தில் ஒரே ஒரு வெட்டு, பிறகு M தனியாகப் பிரிந்து ஏறும். எனவே ஏடிஎக்ஸ் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு பிளஸ் டிஐ, மைனஸ் டிஐ கோடுகள் இரண்டையும் மறைத்துவிடாதீர்கள். சார்ட் சுத்தமாகத் தெரியவேண்டும் என்று பலர் செய்வது அதைத்தான்.

இனி ஸ்டிராட்டஜியைத் தேர்ந்தெடுப்பது. இண்ட்ராடே செய்தாலும் முதலில் தினசரிச் சார்ட்டைப் பாருங்கள். அங்கே வழக்கமான ஏடிஎக்ஸ் போதும், கேப்பை நீக்க வேண்டாம். மார்க்கெட் முடிந்த பிறகு, ஆபீஸ் விட்டு ரயிலில் வரும்போதே பார்க்கிற வேலைதான். 25-க்கு மேலே போய் ஏறுமுகமாக இருந்தால் 'டிரெண்ட்' என்று குறித்துக்கொள்ளுங்கள். 20-க்குக் கீழே வந்தால் 'சைடுவேஸ்'. நடுவில் இருந்தால் நேற்று என்ன எழுதினீர்களோ அதுவே இன்றும். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால், 22-க்கும் 26-க்கும் இடையே ஊசலாடும் மாதத்தில் இரண்டு நாளுக்கொரு முறை ஸ்டிராட்டஜி மாற்றி, இரண்டிலும் நஷ்டப்படுவீர்கள். 20, 25 என்பவை கல்வெட்டு இல்லை. உங்கள் பங்கின் கடைசி 250 நாள் ஏடிஎக்ஸை எக்செல்லில் இறக்கி வரிசைப்படுத்திப் பாருங்கள். சில பங்குகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் 20-க்கு மேலேயே கிடக்கும். அப்படிப்பட்டதற்குக் கீழ் மூன்றில் ஒரு பங்கு எங்கே முடிகிறதோ அதைச் சைடுவேஸ் எல்லையாக வைப்பது பொருந்தும்.

'டிரெண்ட்' என்று எழுதிய நாட்களில் பிரேக்அவுட்டிலும், சின்ன இறக்கத்தில் டிரெண்ட் பக்கமாகவும் நுழையலாம். ஆர்எஸ்ஐ 70-க்கு மேல் என்று விற்பதை அறவே விட்டுவிடுங்கள். 'சைடுவேஸ்' என்றால் ஓரங்களில் எதிர்த்து எடுப்பது. ஆனால் அங்கே ஏடிஎக்ஸ் சொல்லாத ஒன்றைத் தனியாகப் பார்த்தாக வேண்டும், ஆட்டத்தின் அகலம். அதற்கு ஏடிஆர், அதாவது மேலே வந்த அதே சராசரி ட்ரூ ரேஞ்ச்.

அகலம் இரண்டு ஏடிஆர் என்று வையுங்கள். ஓரத்திலிருந்து அரை ஏடிஆர் உள்ளே நுழைந்து, எதிர் ஓரத்துக்கு அரை ஏடிஆர் முன்னால் வெளியேறினால் லாபம் ஒரு ஏடிஆர். ஸ்டாப் லாஸ் ஓரத்துக்கு வெளியே ஒரு ஏடிஆர் என்றால் நஷ்டம் ஒன்றரை. கட்டுப்படியாகாது. அகலம் மூன்று ஏடிஆர் என்றால் லாபம் இரண்டு, நஷ்டம் அதே ஒன்றரை. அங்கிருந்துதான் யோசிக்கவே ஆரம்பிக்கலாம். புரோக்கரேஜும் எஸ்டிடியும் இதில் சேர்க்கவில்லை.

ஆப்ஷன் விற்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இதே இடத்தில். தினசரி ஏடிஎக்ஸ் 14, மார்க்கெட் சைடுவேஸ், ஸ்டிராடில் விற்கலாம் என்று இறங்குவார்கள். மார்க்கெட்டோ இரண்டு நாளுக்கு ஒருமுறை முந்நூறு புள்ளி ஏறி, முந்நூறு புள்ளி இறங்கும். மேலும் கீழும் சரிசமம் என்பதால் ஏடிஎக்ஸ் தாழ்ந்தே இருக்கும். விற்றவரின் ஸ்டாப் லாஸ் இரண்டு பக்கமும் அடிபடும். ட்ரூ ரேஞ்ச் அடிபட்டுப் போகிறது என்று மேலே சொன்னதன் பலன் இது. ஏடிஎக்ஸ் தாழ்ந்து, ஏடிஆரும் தன் வழக்கத்தைவிடத் தாழ்ந்து இருந்தால்தான் ஆப்ஷன் விற்பவருக்கு அது அமைதியான மார்க்கெட்.

உங்கள் 15 நிமிடச் சார்ட்டுக்குத் திரும்பினால், இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வழக்கமான ஏடிஎக்ஸையும் மேலே உள்ள கேப் நீக்கிய ஏடிஎக்ஸையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் போட்டு, கடைசி இருபது கேப் நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். நிஃப்டியில் நூறு புள்ளிக்கு மேல் கேப் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு நாளிலும் 10:45 மணிக்கு இரண்டும் என்ன காட்டின, அன்று மூன்றேகாலுக்கு விலை எங்கே நின்றது என்று மூன்று பத்தியில் எழுதுங்கள். இரண்டு கோடும் ஒத்துப்போன நாட்களையும், வழக்கமானது மட்டும் ஏறிய நாட்களையும் பிரித்துப் பார்த்தால், நீங்கள் வாங்கிப் படுத்த நாட்கள் எந்தப் பக்கம் குவிகின்றன என்று உங்கள் சார்ட்டே காட்டிவிடும்.